நொட்டாங்கைக்காரிக்கு என்ன வாங்கலாம்? மூன்று கத்தரிக்கோலும் சில பேனாக்களும்

தங்கச்சி மகளுக்குப் போன மாதம் ஆறு வயது முடிந்தது. தாய்மாமன் என்றால் வழக்கமாக ஒரு கவுன், ஒரு கேக். இந்த முறை தங்கச்சி போனிலேயே தடுத்துவிட்டாள். "அண்ணா, டிரெஸ் வேணாம். இவ எழுதுறது, வெட்டுறது எல்லாம் இடது கைதான். கிராஃப்ட் பீரியட் வந்தாலே அழறா. அதுக்கு ஏதாவது உருப்படியா பாரு."

எனக்கும் பிறவியில் நொட்டாங்கைதான். ஒன்றாம் வகுப்பில் மணிக்கட்டில் ஸ்கேலால் வாங்கி, எழுத்து மட்டும் சோத்தாங்கைக்கு மாறியது. கத்தரிக்கோல் மாறவில்லை. அதனால் இந்த வேலையைக் கொஞ்சம் ஆசையாகவே எடுத்துக்கொண்டேன். இடது கைக்கென்று கத்தரிக்கோல், ஸ்கேல், ஷார்ப்னர், பேனா, நோட்டு எல்லாமே தனியாகக் கிடைக்கின்றன. இவற்றில் எது உண்மையிலேயே வேறு பொருள், எது பெயருக்கு மட்டும் இடது கை என்று பார்க்க, மூன்று ஞாயிற்றுக்கிழமை அவளோடு உட்கார்ந்து வெட்டியும் எழுதியும் பார்த்தோம்.

முதலில் கத்தரிக்கோல். பணம் போட வேண்டிய இடம் இது ஒன்றுதான் என்பது என் முடிவு. ஏன் என்று சொல்கிறேன்.

வீட்டில் இருக்கும் சாதாரணக் கத்தரிக்கோலை, முனை எதிர்ப்பக்கம் பார்க்க, வெட்டுவதுபோல் பிடித்து மேலிருந்து பாருங்கள். மேலே இருக்கும் அலகு வலப்பக்கமாகவும் கீழே இருப்பது இடப்பக்கமாகவும் இருக்கும். தலைகீழாகத் திருப்பினாலும் இது மாறாது. அப்போதும் மேலே வருகிற அலகு வலப்பக்கம்தான் நிற்கும். வலது கையால் வெட்டும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களும் தம்மை அறியாமலே இரண்டு அலகையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கின்றன. அதே கத்தரிக்கோலை இடது கையில் கொடுத்தால் அதே விசை அலகுகளை விலக்குகிறது. நடுவில் இடைவெளி விழுகிறது, தாள் வெட்டுப்படாமல் மடிந்து உள்ளே போய்விடுகிறது. அதோடு மேல் அலகு கோட்டை மறைப்பதால் எங்கே வெட்டுகிறோம் என்பதும் தெரியாது. பிள்ளை கழுத்தை வளைத்து எட்டிப் பார்க்கும். டீச்சர் "நேரா உக்காரு" என்பார்.

ஆக, நான் எடுத்துக்கொண்டவை மூன்று: வீட்டில் கிடந்த சாதாரணக் கத்தரிக்கோல், "இரு கைக்கும் ஏற்றது" என்று அட்டையில் போட்டிருந்த ஒன்று, நிஜமான இடது கைக் கத்தரிக்கோல்.

நியூஸ்பேப்பரில் ஒரு டீ டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வரைந்து கொடுத்தேன். சாதாரணக் கத்தரிக்கோலில் கால்வட்டம் போவதற்குள் தாள் இரண்டு முறை மடிந்தது. மூன்றாவது முறை அவள் கத்தரிக்கோலைத் தள்ளிவிட்டுக் கையாலேயே கிழித்தாள். கட்டைவிரல் அடியில் சிவந்துபோயிருந்தது. பிடி வலது கட்டைவிரலுக்கென்று சரித்து வார்த்திருப்பதால், இடது கையில் அந்த விளிம்பு எலும்பில் குத்துகிறது.

இரண்டாவது, "இரு கைக்கும்" கத்தரிக்கோல். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். பிடி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, மெத்து மெத்தென்று இருக்கிறது, கை வலிக்கவில்லை. ஆனால் மேலிருந்து பார்த்தால் மேல் அலகு அதே வலப்பக்கம்தான்! இரு கைக்கும் ஏற்றது பிடி மட்டுமே; அலகு வலது கைக்காரர்களுக்கானது. நியூஸ்பேப்பர் இதிலும் மடிந்தது. சார்ட் அட்டையைக் கொடுத்தபோது மட்டும் ஓரளவு வெட்டியது, ஏனென்றால் அட்டை கெட்டி, சுலபமாக மடியாது. கடையில் சோதித்துப் பார்க்கும்போது அட்டையை வெட்டிப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். மெல்லிய தாளைக் கேளுங்கள், பில் போடும் தாளே போதும். விரல் நுழைக்காமல் அமுக்கி வெட்டுகிற ஸ்பிரிங் வகையும் இந்தக் கதைதான்: கைக்கு வலு இல்லாத பிள்ளைக்கு நல்லது, ஆனால் அலகு எந்தப் பக்கம் என்று தனியாகப் பார்த்தே வாங்க வேண்டும்.

மூன்றாவதில் மேல் அலகு இடப்பக்கம். பிஸ்கார்ஸ் போன்ற கம்பெனிகள் சிறு பிள்ளைகளுக்கென்றே இதைச் செய்கின்றன. நான் வாங்கியது, சாதாரணக் கத்தரிக்கோல் விலையைப் போல ஐந்தாறு மடங்கு. மந்திரம் போட்டதுபோல் வெட்டிவிடுவாள் என்று நினைத்திருந்தேன், முதல் ஞாயிறு நடந்தது வேறு. இதிலும் தாள் மடிந்தது! ஒரு வருடமாக வலது கைக் கத்தரிக்கோலோடு மல்லுக்கட்டி, கட்டைவிரலை உள்ளே இழுத்து அலகுகளை வலுக்கட்டாயமாகச் சேர்க்கிற ஒரு பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. சரியான கத்தரிக்கோலில் அந்த இழுப்பு நேர்மாறாக வேலை செய்து அலகைப் பிரிக்கிறது. "சும்மா லூசா பிடி, இழுக்காத" என்று சொல்லிச் சொல்லி, இரண்டாவது ஞாயிறு நேர்கோடு வந்தது, மூன்றாவது ஞாயிறு வட்டம் வந்தது. நாலு வயதிலேயே இது கையில் கிடைத்திருந்தால் இந்த மறதிப் பயிற்சி தேவைப்பட்டிருக்காது.

வட்டத்தில் இன்னொரு சங்கதி உண்டு. வலது கைக்காரர் வட்டத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வெட்டினால் கை வசதியாக வரும். இடது கைக்கு கடிகார முள் போகிற திசைதான் வசதி. பள்ளியில் டீச்சர் எதிரே நின்று செய்து காட்டுவதை அப்படியே பின்பற்றினால் அவள் கை முறுக்கிக்கொள்ளும். திசையை மாற்றிவிட்ட பிறகுதான் டம்ளர் வட்டம் முழுதாக வந்தது.

எழுத்து விஷயம் வேறு. கத்தரிக்கோல்போல் இங்கே பொருளில் பெரிய இடது வலது இல்லை; சிக்கல் திசையில்தான். தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாகப் போகின்றன. வலது கை பென்சிலை இழுத்துக்கொண்டு போகிறது. இடது கை தள்ளிக்கொண்டு போகிறது. ட, ப எழுதும்போது அடிக்கோட்டில் இது நன்றாகத் தெரியும்: கூர்முனை தாளில் குத்தி நிற்கும், சில சமயம் கிழிக்கும். அப்புறம், எழுதியதன் மேலேயே கை தேய்த்துக்கொண்டு போவதால் சுண்டுவிரல் பக்கம் முழுக்கக் கரி.

பென்சிலில் எச்பி, 2பி இரண்டையும் கொடுத்துப் பார்த்தோம். 2பி மிருதுவாக ஓடுகிறது, தாளைக் குத்துவதில்லை, ஆனால் பக்கமே புகைபிடித்ததுபோல் ஆகிவிடுகிறது. எச்பியில் கறை குறைவு. எச்பியையே வைத்துக்கொண்டு, முனையை ஊசிபோல் சீவாமல் கொஞ்சம் மழுங்கலாக விட்டால் குத்துவதும் குறைகிறது. மூன்று பட்டைப் பென்சில் எந்தக் கைக்கும் ஒன்றுதான், அதற்கு "இடது கை ஸ்பெஷல்" என்று கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. ரப்பர் கிரிப் மாட்டுவதானால் முனையிலிருந்து சுமார் மூன்று சென்டிமீட்டர் தள்ளி மாட்டுங்கள். வலது கைப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் மேலே பிடித்தால்தான் எழுதுகிற எழுத்து இடது கைப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியும்.

பேனா அவளுக்கு இன்னும் வரவில்லை, எனவே நானே இடது கையால் கிறுக்கிப் பார்த்தேன். ஜெல் பேனா வழவழவென்று ஓடுகிறது, ஆனால் மை காய நேரம் எடுக்கிறது. ஒரு வரி முடிப்பதற்குள் முந்தின சொற்கள் இழுபட்டுவிடுகின்றன. சாதாரண பால்பாயிண்ட் சீக்கிரம் காய்கிறது. அழகு குறைவு, ஆனால் இடது கைக்கு அதற்குத்தான் என் ஓட்டு. மைப்பேனாதான் வேண்டும் என்று சொல்கிற பள்ளிகள் உண்டு. அங்கே மெல்லிய நிப்பைத் தவிர்த்து நடுத்தர நிப் வாங்கினால் தள்ளும்போது அவ்வளவாகக் கீறாது. ஜெர்மனியின் லாமி, பெலிக்கன் கம்பெனிகள் இடது கைக்கென்று தனி நிப்பே போடுகின்றன. நல்ல பரிசுதான், பெரிய வகுப்புக்குப் போன பிறகு.

ஆனால் இந்த எல்லாப் பொருளையும் விட அதிகம் உதவியது காசில்லாத ஒன்று. நோட்டை நெஞ்சுக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, மேல்பக்கம் வலப்புறம் சாய்கிற மாதிரி திருப்பி வைத்தேன். அவளுடைய இடது முன்கையும் நோட்டின் ஓரமும் ஏறக்குறைய இணையாக வர வேண்டும். அந்தக் கோணத்தில் மேஜையில் இரண்டு டேப் துண்டு ஒட்டிவிட்டேன், தினமும் அங்கேயே வைத்துக்கொள்கிறாள். இப்போது கை வரிக்குக் கீழே இருக்கிறது, எழுத்தின் மேல் தேய்வதில்லை. நோட்டு நேராக இருந்தபோது மணிக்கட்டைக் கொக்கிபோல் வளைத்து மேலிருந்து எழுதிக்கொண்டிருந்தாள். அந்தக் கொக்கியைப் பார்த்தால், பேனாவை மாற்றுவதற்கு முன் நோட்டின் சாய்வை மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கையெழுத்துப் பயிற்சி நோட்டில் மாதிரிச் சொல் வரியின் இடது ஓரத்தில் இருக்கும். பார்த்து எழுத வேண்டிய சொல்லை அவள் கையே மூடிவிடுகிறது. அவள் தப்பாக எழுதுகிறாள் என்று சொன்னார்கள். பார்க்காமல் எழுதினால் தப்பு வராதா? வலது ஓரத்திலும் அதே சொல்லை எழுதிக் கொடுத்ததும் சரியானது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடது கை ஸ்கேலில் எண் வலமிருந்து ஆரம்பிக்கும். கோட்டை வலமிருந்து இழுத்து வரைய வசதிதான், ஆனால் கணக்கில் எண்கோடு படிக்கிற வயதில் எண்களைத் திருப்பிப் போட்டுக் குழப்ப எனக்கு மனம் வரவில்லை. ஷார்ப்னர் தேவையில்லை, வீட்டில் யாராவது சீவிக் கொடுத்துவிடலாம். ஸ்பைரல் நோட்டு வாங்கினால் கம்பி மேல்பக்கம் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். இடப்பக்கக் கம்பி கையில் உறுத்தும். பெஞ்சில் இடது ஓரத்தில் உட்காரவைக்கும்படி தங்கச்சி டீச்சரிடம் கேட்டுக்கொண்டாள். பக்கத்துப் பிள்ளையின் வலது முழங்கையோடு இடிப்பது அன்றோடு நின்றது.

ஆகக் கடைசியில் பரிசாகப் போனது ஒரு இடது கைக் கத்தரிக்கோல், ஒரு டப்பா எச்பி பென்சில், மேல் ஸ்பைரல் போட்ட ஒரு படம் வரையும் நோட்டு. பள்ளியில் மற்றதோடு கலந்துவிடாமல் இருக்கக் கத்தரிக்கோலின் பிடியில் சிவப்பு டேப் சுற்றிக் கொடுத்தேன்.

பிறந்த நாளன்று அதை எங்கள் அம்மா எடுத்துப் பால் பாக்கெட்டை வெட்டப் பார்த்தார். வலது கையில் பிடித்து நாலு தடவை அமுக்கியும் கவர் வழுக்கி மடிந்துகொண்டே இருந்தது. "இவ்ளோ காசு குடுத்து மொக்கையா வாங்கிட்டு வந்திருக்கான். கடையிலயே திருப்பிக் குடுத்துடு" என்றார். பாக்கெட்டை வாங்கி அவர் பேத்தி ஒரே வெட்டில் வெட்டிக் கொடுத்தாள்.