மூன்று மாதம், 46,500 ரூபாய்: "ஃபாலிக்குலர் ஸ்டடி பேக்கேஜ்" எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

நேற்று மாலைதான் அந்தக் கருத்தரிப்பு மையத்தின் படியிறங்கி வந்தேன். கை இன்னும் நடுங்குகிறது. பெயர் போடவில்லை. மாவட்டத் தலைநகர்களில் பைபாஸ் ஓரமாக, வாசலில் குழந்தைப் படம் வைத்து, "முதல் ஆலோசனை இலவசம்" என்று எழுதியிருக்கும் வகை என்று மட்டும் சொல்கிறேன்.

எனக்கு 29 வயது. நீர்க்கட்டி உண்டு, பீரியட்ஸ் நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை வரும். கல்யாணமாகி மூன்று வருஷம். சித்திரையில் அங்கே போனபோது டாக்டருக்கு முன்னால் ஒரு கவுன்சிலர் பெண் உட்கார வைத்துப் பேசினாள். என்னைவிடச் சின்னவள். என் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, மேஜையைச் சுற்றி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, உங்களுக்கு முட்டை வளரலை, அவ்வளவுதான். மாத்திரை குடுத்து வளர்த்து, ஸ்கேன்ல பார்த்து, ஊசி போட்டு வெடிக்க வெச்சிடலாம். மூணே மாசம். நான் கூடவே இருக்கேன்." அந்த "நான் கூடவே இருக்கேன்" என்பதில்தான் விழுந்தேன். மூன்று வருஷமாக மாமியார் வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை அது. சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து 46,500 ரூபாயை அன்றைக்கே கட்டினேன். முட்டை வளர்வதை ஸ்கேனில் தொடர்ந்து பார்ப்பதுதான் ஃபாலிக்குலர் ஸ்டடி. மூன்று சுழற்சி, முழு மானிட்டரிங், எல்லாம் அடக்கம் என்றார்கள். டாக்டரைப் பார்த்தது ஐந்து நிமிடம். என் கணவருக்கு விந்துப் பரிசோதனை வேண்டுமா என்று நானே கேட்டேன். "அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்கள்.

முதல் மாதம் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை முட்டை வளர்க்கும் மாத்திரை, குளோமிஃபீன் 50 மில்லிகிராம். பன்னிரண்டாம் நாள் ஒரு ஸ்கேன். பதினான்காம் நாள் ஊசி. முடிந்தது. இரண்டாம் மாதம் "டோஸ் ஏத்துறோம்" என்று 100. ஊசி போட்ட எட்டாம் நாள் பொறுக்க முடியாமல் வீட்டிலேயே கிட் வைத்துப் பார்த்தேன். மங்கலாக இரண்டாவது கோடு. விடியற்காலை ஐந்து மணி. குளியலறை விளக்கில் அந்தப் பட்டையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். போட்டோ எடுத்து மையத்துக்கு அனுப்பினேன். கைகூப்பும் படமும் வாழ்த்தும் வந்தன. அம்மாவிடம் சொன்னேன், அவள் கோயிலுக்கே போய்விட்டாள். ஒன்பது நாள் கழித்து பீரியட்ஸ் வந்தது.

அந்த ஊசியே எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன்தான் என்பது இப்போதுதான் எனக்குத் தெரியும். கர்ப்பப் பரிசோதனைக் கிட் தேடுவதும் அதே எச்சிஜியைத்தான். ஊசியில் போட்ட மருந்து உடம்பிலிருந்து போக பத்து நாள், சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகும். அதற்குள் கிட் வைத்தால் ஊசியே கோடு காட்டும். ஊசி போடத் தெரிந்த இடத்தில் இது தெரியாமலா இருக்கும்? ஒரு வரி சொல்லியிருந்தால் அம்மாவிடம் அந்தப் போனைப் போட்டிருக்க மாட்டேன்.

மூன்றாம் மாதம் 150. அந்த மாத்திரை சாப்பிட்ட நாட்களில் கண்ணோரத்தில் மின்னல் மாதிரி வெளிச்சம் வெட்டியது. போன் செய்தேன். "சத்துக் குறைவா இருக்கும், பேரீச்சம்பழம் சாப்பிடுங்க" என்றார்கள். குளோமிஃபீனில் பார்வை மங்கினாலோ வெளிச்சம் வெட்டினாலோ மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். எனக்குப் பேரீச்சம்பழம் சொன்னார்கள்.

மூன்றாவதும் ஆகவில்லை என்றதும் "முட்டை குவாலிட்டி சரியில்லை, ஐவிஎஃப் போயிடலாம்" என்று அடுத்த பேக்கேஜை எடுத்து நீட்டினார்கள். அப்போதுதான் எங்கோ உறைத்தது. ஸ்கேன் சீட்டுகளை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டர் அம்மா, கூட்டம் அவ்வளவு இருந்தும், மூன்று சீட்டையும் வரிசையாக மேஜையில் வைத்து, "உட்காரும்மா, உனக்கு என்ன பண்ணினாங்கன்னு சொல்றேன்" என்று ஆரம்பித்தார். அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன்.

மூளை ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோனைக் கூட்டும். அது சினைப்பையில் முட்டைகளை வளர்க்கும். குளோமிஃபீன் மூளையில் ஈஸ்ட்ரோஜன் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது, ஆனால் மூளைக்குத் தெரியவில்லை. குறைந்துவிட்டது என்று நினைத்து எஃப்எஸ்ஹெச்சை அனுப்புகிறது. சரி, முட்டை வளரும். ஆனால் அந்த மாத்திரை மூளையோடு நிற்பதில்லை. கர்ப்பப்பையின் உள்படலத்திலும் அதே மாதிரி ஈஸ்ட்ரோஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, உடம்பில் வாரக்கணக்கில் தங்குகிறது. அதனால் சிலருக்கு அந்தப் படலம் தடிப்பதே இல்லை. விதை தயார், மண் தயாராகவில்லை.

முட்டை வளர்க்க லெட்ரோசோல் என்று இன்னொரு மாத்திரை உண்டு, அது வேறு வழி. அது ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே சில நாள் தடுக்கிறது. மூளை அதே போல எஃப்எஸ்ஹெச்சைக் கூட்டுகிறது. ஆனால் ஐந்து நாள் மாத்திரை முடிந்ததும் சீக்கிரமே உடம்பை விட்டுப் போய்விடும். முட்டை வளர வளர ஈஸ்ட்ரோஜன் ஏறும், மூளை அதைப் பார்த்து எஃப்எஸ்ஹெச்சைத் தானே குறைக்கும், பெரும்பாலும் ஒரே முட்டை முந்திக்கொண்டு வளரும், படலமும் தடிக்கும். நீர்க்கட்டி உள்ளவர்களிடம் இரண்டையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2014-இல் வந்தது. 750 பெண்கள், அதிகபட்சம் ஐந்து சுழற்சி. லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும் குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. எனக்கு நீர்க்கட்டி என்று முதல் நாளே அவர்கள் கையில் ரிப்போர்ட் இருந்தது. லெட்ரோசோல் என்ற பேச்சே எழவில்லை.

அப்புறம் சீட்டுகள். முதல் மாதம் பன்னிரண்டாம் நாள்: வலது பக்கம் முட்டைப்பை 13 மி.மீ., படலம் 5.4. முட்டைப்பை நாளுக்கு ஒன்றரை, இரண்டு மி.மீ. வளரும். பதினான்காம் நாள் ஊசி போட்டபோது 17-ஐத் தாண்டியிருக்காது. குறைந்தது 18, 20-க்கு வந்த பிறகுதான் வெடிக்கும் ஊசி; குளோமிஃபீனில் இன்னும் கொஞ்சம் பொறுப்பார்களாம். பதினான்கு, பதினாறு என்று இன்னும் இரண்டு ஸ்கேன் பார்த்திருக்க வேண்டும். அவர்கள் முட்டையைப் பார்க்கவில்லை, காலண்டரைப் பார்த்தார்கள்.

இரண்டாம் மாதம் பதின்மூன்றாம் நாள்: முட்டை 19, படலம் 5.1. மூன்றாம் மாதம் பன்னிரண்டாம் நாள்: வலது பக்கம் 21, இடது பக்கம் 18, 17; படலம் 4.8. அந்த அம்மா பேனாவால் படலத்தின் மூன்று எண்களையும் வட்டமிட்டார். 5.4, 5.1, 4.8. பொதுவாக 7-க்கு மேல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். டோஸ் ஏற ஏற என் படலம் இறங்கியிருக்கிறது. அது மூன்று மாதமும் அவர்கள் கையாலேயே எழுதிய சீட்டில் இருந்தது. "ஐம்பதிலேயே உனக்கு முட்டை வளர்ந்திருக்கும்மா. வளரலைன்னாதான் டோஸ் ஏத்தணும். கர்ப்பம் தங்கலைங்கிறதுக்காக ஏத்தக் கூடாது." மூன்றாம் மாதம் மூன்று முட்டை பெரிதாக இருந்தபோது ஊசியே போட்டிருக்கக் கூடாது, அந்த மாதம் சேரவும் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், இரட்டை, மூன்று என்று தங்கினால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைகளுக்கும் ஆபத்து.

ஊசி போட்டு சுமார் 36 மணி நேரத்துக்குப் பிறகு முட்டை வெடித்ததா என்று ஒரு ஸ்கேன் உண்டு. முட்டைப்பை சுருங்கி, பக்கத்தில் கொஞ்சம் நீர் தெரியும். வெடித்த ஒரு வாரத்தில் புரோஜெஸ்டிரான் ரத்தப் பரிசோதனை செய்தாலும் தெரிந்துவிடும். இரண்டில் ஒன்றுகூட எனக்குச் செய்யவில்லை. இரண்டாம் நாள் செய்யும் ஆரம்ப ஸ்கேனும் இல்லை. போன மாதக் கட்டி ஏதும் தங்கியிருக்கிறதா என்று பார்க்காமலே அடுத்த மாத மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு மொத்தம் மூன்று ஸ்கேன். இதற்குப் பெயர் முழு மானிட்டரிங். 46,500 ரூபாய்.

இதை வைத்துக்கொண்டுதான் நேற்று போனேன். முதலில் "டாக்டர் ஓ.டி.யில இருக்காங்க". ஒன்றரை மணி நேரம் கழித்து "மேனேஜர் லீவு". அதற்குப் பிறகு பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் பணம் திரும்பத் தரப்படாது என்று இருப்பதைக் காட்டினார்கள். கடைசியில் அதே கவுன்சிலர் பெண். சீட்டுகளை நீட்டினேன், கையில் வாங்கவில்லை. "மேடம், உங்க பாடி ரெஸ்பாண்ட் பண்ணலைன்னா நாங்க என்ன பண்றது?" சித்திரையில் அக்கா, நேற்று மேடம். பின்னால் புதிதாக ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள், அந்தப் பெண்ணின் மடியில் பழைய ஸ்கேன் கவர். என்னை அவசரமாக வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனதே அதற்காகத்தான்.

என்னென்ன கேட்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. இதையாவது செய்யுங்கள். மாத்திரை தொடங்கும் முன் கணவருக்கு விந்துப் பரிசோதனை செய்துவிடுங்கள் (என் கணவருடையது சரியாக இருந்தது, அதுவே இப்போதுதான் தெரியும்). ஒவ்வொரு ஸ்கேனிலும் முட்டை அளவு, படலத்தின் அளவு இரண்டையும் எழுதி வாங்குங்கள். ஊசி எந்த நாள் என்று முன்கூட்டியே தேதி குறித்துக் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். மூன்று மாதப் பணத்தை முன்னால் கட்டாதீர்கள்.

அரசு மருத்துவமனையில் இந்த மாதம் லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம், ஐந்து நாள். பத்தாம் நாள் முட்டை 12, படலம் 6.3. இன்று பதின்மூன்றாம் நாள்: 17, படலம் 7.9. "ஊசி இன்னிக்கு வேண்டாம்மா, நாளைக்கழிச்சு வா, பாத்துட்டுச் சொல்றேன்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஸ்கேனுக்குக் காசு வாங்கவில்லை.