அகெரு, குரெரு, மொராவு: நான் ஏன் குரெரு கட்சி

அகெரு என்றால் கொடுப்பது, குரெரு என்றாலும் கொடுப்பது, மொராவு என்றால் வாங்குவது. ஜப்பானிய மொழிப் பாடத்தில் இது வந்த நாளில், கொடுப்பதற்கு எதற்கு இரண்டு சொல் என்றுதான் எனக்குத் தோன்றியது. பொருள் போகும் திசைதான் விஷயம். என்னிடமிருந்து வெளியே போனால் அகெரு, என் பக்கம் வந்தால் குரெரு. நமக்கும் இது முற்றிலும் புதிதில்லை, தொல்காப்பியம் ‘தா’வைத் தன்மை முன்னிலைக்கும் ‘கொடு’வைப் படர்க்கைக்கும் ஒதுக்குகிறது. இன்று ‘எனக்குக் கொடுத்தான்’ என்று கூசாமல் சொல்கிறோம், அங்கே அகெரு போட்டால் பிழை.

‘என் பக்கம்’ என்பதில் வீட்டாரும் அடக்கம். நண்பன் என் தங்கைக்குப் புத்தகம் கொடுத்தாலும் குரெருதான்.

இந்த மூன்றும் இன்னொரு வினையோடு சேர்ந்து, பொருளுக்குப் பதிலாக உதவி போகும் திசையையும் காட்டும். அகெரு பற்றி ஒரே எச்சரிக்கை. ஆசிரியரின் பையைப் பார்த்து ‘மொத்தே அகெமஷோ கா’ என்று கேட்டேன். தூக்கிக்கொண்டு வரட்டுமா என்பதுதான் என் எண்ணம், ஆனால் பெரியவர்களிடம் இது ‘உங்களுக்கு உபகாரம் செய்கிறேன்’ என்ற தொனியில் விழும். ‘ஒமொச்சி ஷிமஷோ கா’ என்பதே மரியாதை.

உண்மையான போட்டி குரெருவுக்கும் மொராவுக்கும்தான், ஏனென்றால் இரண்டிலும் உதவி என் பக்கம்தான் வருகிறது. வீடு மாறும்போது நண்பன் கைகொடுத்தான் என்று வையுங்கள்.

‘தொமொதாச்சி கா தெட்சுதத்தே குரெத்தா’: நண்பன் எழுவாய், அவனாக வந்து செய்தான் என்ற வாசனை.
‘தொமொதாச்சி நி தெட்சுதத்தே மொரத்தா’: சொல்லாமல் விட்ட ‘நான்’ எழுவாய், நான் கேட்டு அவன் செய்தான் என்ற சாயல்.

இந்த ‘நி’தான் நம்மைக் கவிழ்க்கிறது. குரெருவில் ‘நி’ வாங்குபவரைக் காட்டும், நம் ‘-க்கு’ போலவே. மொராவில் அதே ‘நி’ கொடுப்பவரைக் காட்டும், அதாவது நம் ‘-இடமிருந்து’. ‘-க்கு’ என்றே பழகிய காது ‘நண்பனுக்கு’ என்று கேட்டுவிட, யார் யாருக்கு உதவினார்கள் என்பதே தலைகீழாகிவிடுகிறது. நான் பல மாதங்கள் இதில் தடுமாறினேன். குரெருவில் அந்தக் குழப்பமே இல்லை, செய்தவருக்கு எழுவாயைக் காட்டும் ‘கா’ போட்டால் ‘எனக்கு’ என்று சொல்லக்கூட வேண்டாம், வினையே சொல்லிவிடும். அதனால் பேசும்போது சந்தேகம் வந்தால் குரெருவையே பிடிக்கிறேன். இரண்டையும் விட்டு வெறுமனே ‘தெட்சுதத்தா’ என்றால், அவன் வேறு யாருக்கோ உதவியதுபோல ஒட்டாமல் நிற்கும்.

ஆனால் முடிவெட்டிக்கொண்டேன், மருத்துவரிடம் காட்டினேன் போன்றவை நானே ஏற்பாடு செய்தவை. அங்கே மொராவுதான் பொருந்தும், குரெரு போட்டால் முடிதிருத்துபவர் பரிவோடு வெட்டிவிட்டதாகத் தொனிக்கும். அலுவலக மடல்களில் மொராவின் பணிவு வடிவமான இத்தாதக்கு நிறையக் கண்ணில் படுகிறது. அப்படிப்பட்ட மடல்களை நான் அதிகம் எழுதியதில்லை, அதனால் அங்கேயும் குரெரு பக்கமே வாருங்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.