"இட்லி மாவு புளிக்கலனா என்ன பண்றது?" குரல் தேடலுக்கு எந்தத் தமிழில் எழுதுவது?

போன வாரம் காலை ஆறு மணிக்கு எதிர்வீட்டு அக்காவின் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். அவர் கை முழுக்க மாவு, தட்டச்சு செய்ய வழியே இல்லை. மேடையில் கிடந்த போனைப் பார்த்து, "இட்லி மாவு புளிக்கவே இல்ல, இப்ப என்ன பண்றது?" என்று கேட்டார். முதலில் வந்த பக்கத்தின் தலைப்பு "இட்லி மாவு நொதிக்காமைக்கான காரணங்களும் தீர்வுகளும்". சுண்டுவிரலால் தள்ளித் தள்ளி, இட்லியின் பெருமை பேசும் மூன்று பத்திகளைத் தாண்டி, காரணங்களை எல்லாம் தாண்டி, கடைசியில்தான் வெந்நீர்ப் பாத்திர யோசனை கிடைத்தது. அதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு உப்புமா என்று முடிவாகிவிட்டது.

நானும் சமையல் குறிப்பு எழுதுகிறவன்தான். இந்தக் கேள்விக்கு என்னிடமும் ஒரு பக்கம் இருக்கிறது, அதையும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் எழுதியிருந்தேன். வீட்டுக்கு வந்து அதைப் பிரித்துப் போட்டு, கேள்வியையும் பதிலையும் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்று முழு எழுத்துத் தமிழ், ஒன்று முழுப் பேச்சுத் தமிழ், ஒன்று இரண்டுக்கும் நடுவில்.

முதலில் கேள்வி, அதாவது தலைப்பு அல்லது உள்தலைப்பு.

எழுத்துத் தமிழில்: "இட்லி மாவு நொதிக்காவிடில் செய்ய வேண்டியவை." பேச்சில்: "இட்லி மாவு புளிக்கலனா என்ன பண்றது?" நடுவில்: "இட்லி மாவு புளிக்கவில்லை என்றால் என்ன செய்வது?"

பேச்சுத் தமிழ்த் தலைப்புதான் ஜெயிக்கும் என்று நினைத்தேன். மக்கள் அப்படித்தானே கேட்கிறார்கள்? 2017 ஆகஸ்டில் கூகுள் தமிழுக்குக் குரல் உள்ளீட்டைத் திறந்துவிட்டதிலிருந்து, பேசுகிற மாதிரியே எழுதுங்கள் என்ற அறிவுரையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். ஆனால் அது ஆங்கிலத்துக்குச் சொன்ன அறிவுரை. ஆங்கிலத்தில் பேசும் வாக்கியத்துக்கும் எழுதும் வாக்கியத்துக்கும் எழுத்துக்கூட்டல் பெரும்பாலும் ஒன்றுதான். நமக்கு அப்படியில்லை. என் போனில் அதே கேள்வியைப் பல தடவை சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவை "புளிக்கலனா" என்று எழுதியது, இன்னொரு தடவை "புளிக்கலைன்னா", வேகமாகச் சொன்னபோது "புளிக்க லேனா" என்று இரண்டாக உடைத்தது. பேச்சுத் தமிழுக்கு நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது, அதுதான் சிக்கல். இதில் எதைத் தலைப்பாக வைத்தாலும் மற்றவை பொருந்தாமல்தான் நிற்கும். யாழ்ப்பாணத்தில் ஒருவர் "மா புளிக்கேல்லை" என்பார், அவருக்கு மாவே "மா" ஆகிவிடுகிறது. கொங்குப் பக்கம் "மாவு பொங்கல" என்பவர்களும் உண்டு.

இந்த வடிவங்களை அடுக்கி வைத்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. வினைச்சொல்லின் வால்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது, "இட்லி மாவு" என்ற பெயர்ச்சொல் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது, "புளிக்க" என்ற அடியும் நிற்கிறது. எழுத்துத் தமிழ்த் தலைப்பு தோற்பது இலக்கணத்தால் இல்லை, "நொதி" என்ற சொல்லால். சமையலறையில் யாரும் மாவு நொதிக்கவில்லை என்று சொல்வதில்லை. புளிக்கிறது, பொங்குகிறது, உப்புகிறது, அவ்வளவுதான். ஆக, சொல் சமையலறைச் சொல்லாக இருக்க வேண்டும், விகுதி மட்டும் எழுத்து வடிவில் இருக்கலாம். நடு வடிவம் அதைத்தான் செய்கிறது. "பொங்கவில்லை" என்ற இன்னொரு சொல்லையும் பதிலுக்குள்ளேயோ அடுத்த பத்தியிலேயோ இயல்பாக ஒரு தடவை கொண்டுவந்துவிட்டால் போதும், தலைப்பில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம்.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. "ஏன் புளிக்கவில்லை", "இப்போது என்ன செய்வது", "எத்தனை மணி நேரம் புளிக்க வேண்டும்", "புளிக்காத மாவில் வேறு என்ன செய்யலாம்" என்ற நான்கும் வேறு வேறு கேள்விகள். அக்கா கேட்டது இரண்டாவது, கிடைத்தது முதலாவதின் பதில். "காரணங்களும் தீர்வுகளும்" என்ற ஒரே தலைப்புக்குள் எல்லாவற்றையும் கட்டினால் எதற்குமே நேர்ப்பதில் இருக்காது.

அப்புறம் பதில். இங்கேதான் மூன்று வடிவங்களும் தெளிவாகப் பிரிகின்றன.

எழுத்துத் தமிழில் நான் முன்பு எழுதியிருந்தது இது: "தென்னிந்திய உணவுகளுள் முதன்மையானதாகிய இட்லியின் மென்மைக்கு மாவின் நொதித்தல் இன்றியமையாதது. தட்பவெப்பநிலை குறையும் காலங்களில் இது தாமதமாகும். அவ்வாறாயின்..." பதில் வருவதற்கே மூன்று வாக்கியம் ஆகிறது. இதை ஒரு ஸ்பீக்கர் வாசித்தால் முதல் பத்து வினாடியில் கேட்பவருக்கு எதுவுமே கிடைக்காது.

பேச்சுத் தமிழில்: "கவலப்படாதீங்க, ஒரு பெரிய பாத்திரத்துல வெதுவெதுன்னு தண்ணி எடுத்து அதுக்குள்ள இத வெச்சு மூடிடுங்க, மூணு நாலு மணி நேரத்துல பொங்கிரும்." கண்ணால் படிக்க இனிமையாக இருக்கிறது. ஆனால் போனை வாசிக்க வைத்துக் கேட்டபோது காதுக்கு ஒட்டவில்லை. "தண்ணி எடுத்து", "பொங்கிரும்" என்பதை எல்லாம் நாம் சொல்கிற மாதிரி இயந்திரக் குரல் சொல்வதில்லை. சொல் கடைசி "ம்"மை நாம் மூக்கால் இழுத்து விழுங்குவோம், அது முழு "ம்"மாக அழுத்தி உச்சரிக்கிறது. பேச்சின் சொற்கள், பேச்சில் இல்லாத உச்சரிப்பு. எழுத்து வடிவத்தை வாசிக்கும்போது அந்தக் குரல் இன்னும் இயல்பாகவே இருக்கிறது, ஏனென்றால் செய்தி வாசிப்பு கேட்டு நம் காதுக்கு அது பழக்கம். இன்னொரு குறை, "இத வெச்சு" என்பது. எதை? பக்கத்தைப் பார்க்காமல் இந்த ஒரு துண்டை மட்டும் கேட்பவருக்கு அது புரியாது.

நடு வடிவம் இப்படி வந்தது: "இட்லி மாவு புளிக்கவில்லை என்றால், மாவுப் பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்து மூடுங்கள். மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள், தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், ஓரத்து மாவு வெந்துவிடும்."

மூன்று வாக்கியம், முப்பது சொல்லுக்குள். முதல் வாக்கியத்திலேயே கேள்வி திரும்ப வருகிறது, அதனால் துண்டாக வெட்டி எடுத்தாலும் எதைப் பற்றிப் பேசுகிறது என்று தெரியும். "இது", "அது", "மேலே சொன்னபடி" எதுவும் இல்லை. செய்ய வேண்டியது முதலில், எச்சரிக்கை கடைசியில். மாவு ஏன் இப்படி ஆனது, குளிர்காலத்தில் என்ன செய்வது, கையால் கலப்பது உதவுமா என்பதெல்லாம் இதற்குக் கீழே எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் வரலாம். குரல் பதில்களை மதிப்பிட 2017 டிசம்பரில் கூகுள் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் கேட்டது கிடைத்ததா, நீளம் சரியா, வாக்கிய அமைப்பு சரியா, உச்சரிப்பு சரியா என்ற நான்கைத்தான் பார்க்கச் சொல்கிறார்கள். கடைசியில் உள்ள உச்சரிப்பு நம் கையில் இல்லை என்று தோன்றும், ஓரளவு இருக்கிறது. "8-12 மணி" என்று எழுதினால் நடுக்கோட்டை என்ன செய்வது என்று குரல் தடுமாறலாம். "8 முதல் 12 மணி நேரம்" என்றால் சிக்கலே இல்லை. "4:1" என்பதை நேரம் மாதிரி வாசித்துவிடும் ஆபத்து உண்டு, "நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து" என்று எழுதிவிடுங்கள். "மி.லி.", "தே.க." மாதிரிச் சுருக்கங்களைப் பதில் துண்டுக்குள் வைக்கவே வேண்டாம். எழுதி முடித்ததும் போனின் உரக்கப் படிக்கும் வசதியில் அந்தத் துண்டை மட்டும் ஒரு தடவை கேளுங்கள், எங்கே இடறுகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

பதிலை எங்கே வைப்பது என்பதிலும் போட்டி உண்டு, அதை நீட்டத் தேவையில்லை. கேள்வி பதில்களை மொத்தமாகப் பக்கத்தின் அடியில் கொட்டி `FAQPage` குறியீடு போடுவது ஒரு காலத்தில் பலன் தந்தது, தேடல் முடிவிலேயே அந்தக் கேள்விகள் விரியும்படி தெரிந்தன. 2023 ஆகஸ்டில் அந்தச் சிறப்புத் தோற்றத்தைப் பெயர்பெற்ற அரசுத் தளங்களுக்கும் மருத்துவத் தளங்களுக்கும் மட்டும் என்று கூகுள் குறுக்கிவிட்டது. `speakable` என்ற குறியீடு குரலுக்கென்றே வந்ததுதான், ஆனால் அது ஆங்கிலச் செய்திகளை மனதில் வைத்துச் சோதனையாக விட்டது, தமிழ்ச் சமையல் பக்கத்துக்கு அதை நம்பி உட்கார முடியாது. கேள்வியை உள்தலைப்பாக வைத்து, அதற்கு நேர் கீழே பதிலை வைப்பதுதான் எனக்குச் சரியாகப்படுகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் தனிப் பக்கம் என்று போனால் நூறு சொல்கூடத் தேறாத பக்கங்கள் பெருகும், படிப்பவருக்கும் அடுத்த கேள்விக்கு இன்னொரு தேடல்.

சரி, எது வேலை செய்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நம் தளம் எந்தத் தேடல்களில் தோன்றியது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் குரலில் வந்த தேடல் எது, தட்டச்சில் வந்தது எது என்று பிரித்துக் காட்டாது. நான் செய்வது, தேடல் சொற்களுக்கான வடிகட்டியில், பல சொற்களை ஒரே வரியில் தேட உதவும் ரெஜெக்ஸைத் தேர்ந்தெடுத்து இதைப் போடுவது:

```
என்ன|எப்படி|ஏன்|எத்தனை|எவ்வளவு|எப்போ|\benna\b|\beppadi\b
```

கேள்வியாக வந்த தேடல்கள் இதில் தனியாக நிற்கும். ஆங்கில எழுத்தில் அடிப்பவர்களுக்காகத்தான் கடைசி இரண்டு. ஒரு எச்சரிக்கை: மிகச் சிலரே தேடிய சொற்களைக் கூகுள் தனியுரிமைக்காகப் பட்டியலில் காட்டாது. நம் பேச்சுத் தமிழ்க் கேள்விகள் பத்து எழுத்துக்கூட்டலாகச் சிதறுவதால், ஒவ்வொன்றும் தனித்தனியே மிக அரிதாகி மறைந்துவிட வாய்ப்பு அதிகம். பட்டியலில் "புளிக்கலனா" இல்லை என்பதால் யாரும் அப்படிக் கேட்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பக்கத்துக்கு மொத்தமாக எத்தனை முறை தோற்றம் கிடைத்தது என்பதையும், பட்டியலில் தெரிவதைக் கூட்டினால் எவ்வளவு வருகிறது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் இந்த மாதிரிக் கேள்விகள் அங்கே ஒளிந்திருக்கலாம்.

முழுப் பேச்சு நடையை நான் ஒரேயடியாக ஒதுக்கவில்லை. நானே குரல் கொடுத்துப் பதிவு செய்யும் வீடியோவுக்கு அதுதான் சரி, அங்கே வாசிப்பது இயந்திரம் இல்லை. பக்கத்தில் எழுதும்போது மட்டும் நடு வடிவம். என் பழைய பக்கத்தின் நான்கு கேள்விகளையும் இப்படிப் பிரித்து எழுதி முடித்ததும், எதிர்வீட்டு அக்காவிடம் இரண்டாவது பதிலைப் போனில் வாசிக்க வைத்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "தண்ணி எவ்வளவு உயரத்துக்கு ஊத்தணும்னு சொல்லலையே" என்றார். சொல்லவில்லைதான். "மாவுப் பாத்திரத்தின் பாதி உயரத்துக்குத் தண்ணீர்" என்று அன்று இரவே சேர்த்தேன்.