4000 லிட்டர் தொட்டி என்று கட்டினார், உள்ளே நின்ற தண்ணீர் 1830 லிட்டர்

திருச்சி பக்கம் போன வருஷம் வீடு கட்டினோம். மாடியில் வைத்த கான்கிரீட் தண்ணீர்த் தொட்டியில் காண்ட்ராக்டர் என்னை எப்படி ஏமாற்றினார் என்று எழுதுகிறேன். வீட்டில் சென்ட்ரிங் வேலை இன்னும் முடியாதவர்கள் கொஞ்சம் நின்று படித்துவிட்டுப் போங்கள்.

முதலில் எனக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது. நாங்கள் ஏழு பேர், கீழே வாடகைக்கு இருப்பவர்கள் மூன்று பேர், ஆக பத்துப் பேர். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது பொறியாளர்கள் வழக்கமாக எடுக்கும் கணக்கு. பழைய வீட்டில் 500 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க்கை ஒரு நாளைக்கு எத்தனை தடவை நிரப்பினோம் என்று ஒரு வாரம் குறித்து வைத்திருந்தேன், அதுவும் கிட்டத்தட்ட இதே அளவுதான். அப்படியானால் ஒரு நாளைக்கு 1350 லிட்டர். எங்கள் தெருவில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், கீழே சம்ப் போட இடம் இல்லை, அதனால் இரண்டு நாள் தண்ணீரும் மாடியிலேயே நிற்க வேண்டும். 2700 வருகிறது, விருந்தாளி வந்தால் என்று கொஞ்சம் சேர்த்து 3000 லிட்டர் என்று சொன்னேன்.

"சார், மூவாயிரம் என்ன, நாலாயிரமே வர்ற மாதிரி போட்டுடுறேன். ஏழுக்கு அஞ்சு, உயரம் நாலு" என்றார். நானும் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். ஏழு, ஐந்து, நான்கைப் பெருக்கினால் 140 கன அடி, ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், 3960 வந்தது. எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன், அதுதான் என் முட்டாள்தனம்.

குடிவந்த முதல் வாரமே, தண்ணீர் வந்த மறுநாள் காலையில் குழாயில் காற்று வந்தது. கீழ் வீட்டு அக்கா மேலே ஏறி வந்து, "தம்பி, நீங்க வால்வை மூடி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். எனக்கே சந்தேகம் வந்து, தொட்டி காலியான ஒரு நாள் சோதித்துப் பார்த்தேன். மேலே வரும் மோட்டார் குழாயின் வாயில் 20 லிட்டர் பக்கெட்டை வைத்தால் 40 வினாடியில் நிரம்பியது, அதாவது நிமிடத்துக்கு 30 லிட்டர். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தொட்டியை நிரப்பினேன், 61 நிமிடத்தில் ஓவர்ஃப்ளோ குழாயில் வழிந்தது. மொத்தம் 1830 லிட்டர்.

எங்கே போனது மீதி? ஏழுக்கு ஐந்துக்கு நான்கு என்பது வெளி அளவு. சென்ட்ரிங் பிரித்த அன்று, பூச்சுக்கு முன்னால், என் மைத்துனர் டேப் பிடித்து எடுத்த போட்டோ போனில் இருந்தது. சுவர் ஐந்து அங்குலம், எனவே உள்ளே நீளம் 6 அடி 2 அங்குலம், அகலம் 4 அடி 2 அங்குலம்தான். உயரம் நான்கு அடியில் அடித்தளம் ஐந்து அங்குலம், மேல் மூடி நான்கு அங்குலம் போக 39 அங்குலம். அதிலும் ஓவர்ஃப்ளோ குழாய் மேலிருந்து ஆறு அங்குலம் கீழே, வெளியே போகும் குழாய் தரையிலிருந்து இரண்டு அங்குலம் மேலே இருக்கிறது, ஆகவே நமக்குப் பயன்படும் தண்ணீர் 31 அங்குல உயரம் மட்டும்தான். பெருக்கினால் 66 கன அடி, சுமார் 1880 லிட்டர். என் பக்கெட் கணக்குக்கும் இதற்கும் உள்ள 50 லிட்டர் வித்தியாசம் உள்பூச்சு தின்றது. தொட்டி அளவை யார் சொன்னாலும், "உள் அளவா? ஓவர்ஃப்ளோ வரைக்குமா?" என்று கேளுங்கள்.

இது பாதிக் கதைதான். மீதி பில்லில் இருந்தது.

கான்கிரீட்டுக்குக் கம்பி, சென்ட்ரிங் எல்லாம் சேர்த்து கன அடிக்கு 320 ரூபாய் பேசியிருந்தோம். தொட்டிக்கு 80 கன அடி என்று போட்டிருந்தார். சுவருக்கு அவர் போட்ட கணக்கு இது: சுற்றளவு 24 அடி, உயரம் 4 அடி, கனம் அரை அடி, ஆக 48. இதில் மூன்று திருட்டு. வெளிச் சுற்றளவை அப்படியே எடுத்தால் நான்கு மூலையும் இரண்டு தடவை கணக்கில் வரும். நீளச் சுவர் இரண்டையும் முழு ஏழு அடி எடுத்தால் குட்டைச் சுவர் இரண்டையும் அவற்றுக்கு இடையில் உள்ள 4 அடி 2 அங்குலம்தான் எடுக்க வேண்டும், மொத்தம் 22 அடி 4 அங்குலம். அடுத்து, உயரம் நான்கு அடி என்றால் அடித்தளத்தின் விளிம்பும் மூடியின் விளிம்பும் சுவரிலும் சேருகிறது, அந்தத் தளத்திலும் சேருகிறது. சுவர் உண்மையில் 39 அங்குலம்தான். மூன்றாவது, கட்டியது ஐந்து அங்குலம், எழுதியது ஆறு. சரியாகப் போட்டால் சுவர் 30 கன அடி சொச்சம்.

தளங்களிலும் அதே வேலை. அடித்தளத்துக்கு ஆறு அங்குலம் போட்டு 17½ எழுதியிருந்தார், உள்ளது 14½. மூடிக்கு ஐந்து அங்குலம் என்று 14½, இரண்டுக்கு இரண்டு மேன்ஹோல் ஓட்டையைக் கழிக்கவே இல்லை. மேன்ஹோல் விளிம்பில் ஸ்கேல் வைத்தால் நான்கு அங்குலம் என்று குழந்தைக்கும் தெரியும், ஓட்டை போக 10 சொச்சம்தான். எல்லாம் கூட்டினால் 55 கன அடி. இல்லாத 25 கன அடி கான்கிரீட்டுக்கு என்னிடம் 8000 ரூபாய் கேட்டிருக்கிறார்.

இன்னும் எரிச்சல் என்னவென்றால், எனக்கு உண்மையிலேயே 3000 லிட்டர் நிற்க, உள்ளளவு ஏழுக்கு ஐந்து, தண்ணீர் உயரம் மூன்று அடி வைத்திருந்தால் போதும். அதே ஐந்து அங்குலச் சுவரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், மொத்தக் கான்கிரீட் 72 கன அடிதான் வருகிறது. அவர் பில் போட்ட எண்பதுக்குள் எனக்கு வேண்டிய தொட்டியே முடிந்திருக்கும்.

சிமெண்ட்டிலும் கை வைத்திருக்கிறார். ஒப்பந்தத்தில் சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவை. அந்தக் கலவையில் ஒரு மூட்டைக்குக் கிட்டத்தட்ட 4.4 கன அடி கான்கிரீட் வரும், 55-க்குப் பன்னிரண்டரை மூட்டை ஆக வேண்டும். மாடியில் கிடந்த காலிச் சாக்கு ஒன்பது. 1:2:4 போட்டாலே பத்து மூட்டை தேவை. சுவரும் தரையும் சேரும் இடத்தில் வெளியே ஈரம் கசிந்து, வெள்ளையாகப் பூத்திருப்பது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. தண்ணீர் நிற்கும் கான்கிரீட்டுக்குத் தனியாக ஐ.எஸ். 3370 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது, அது சாதாரணத் தளத்தைவிட வலுவான கலவை கேட்கிறது, இவரோ அதைவிட மெலிசாகப் போட்டிருக்கிறார்.

கூப்பிட்டுக் கேட்டேன். "வெளி அளவுதான் சார் வழக்கம், எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க" என்றார். நல்லவேளை கடைசித் தவணை என் கையில் இருந்தது. 8000-ஐயும் கசிவுக்கு மறுபடி பூசிய செலவையும் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன், கத்திவிட்டுப் போனார்.

தொட்டியைப் பெரிதாக்க முடியாது. அதனால் தூண் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் ஒன்று வைத்து, அடியில் குழாயால் இரண்டையும் இணைத்திருக்கிறேன். இப்போது 2830. கேட்டதற்கு இன்னும் 170 லிட்டர் குறைவு.