ஸ்டாப்வாட்ச்சா, அளவு நாடாவா? பொம்மைக் கார்ப் பாடத்தில் எந்த அளவை நம்பலாம்

விசையும் இயக்கமும் பாடத்துக்காக ஒரு பலகையைச் சாய்த்து வைத்துப் பொம்மைக் காரை உருட்டிவிடும் ஆசிரியர், எதை அளப்பது என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். கார் பலகையைக் கடக்க எடுக்கும் நேரத்தை ஸ்டாப்வாட்ச்சில் பிடிக்கலாம். அல்லது பலகையை விட்டு இறங்கிய கார் தரையில் எவ்வளவு தூரம் ஓடி நிற்கிறது என்று அளவு நாடாவால் அளக்கலாம். பெரும்பாலான வகுப்புகள் அறிவியல் தோற்றம் அதிகம் என்பதால் ஸ்டாப்வாட்ச்சையே தேர்ந்தெடுக்கின்றன. உயரத்தை மாற்றிப் பார்க்கும் சோதனைக்கு அது பொருத்தமற்ற கருவி என்பது என் கருத்து.

1 மீட்டர் நீளமுள்ள வழவழப்பான பலகை, ஒரே கார், மூன்று உயரங்கள், ஒவ்வோர் உயரத்துக்கும் மூன்று ஓட்டம் என்று வைத்து, இரண்டு அளவுகளையும் எடுத்துப் பார்த்தோம். முதலில் நேரம்.

| காரின் தொடக்க உயரம் (செ.மீ.) | ஓட்டம் 1 (விநாடி) | ஓட்டம் 2 | ஓட்டம் 3 | சராசரி |
|---|---|---|---|---|
| 10 | 1.84 | 2.03 | 1.92 | 1.93 |
| 15 | 1.31 | 1.52 | 1.36 | 1.40 |
| 20 | 1.02 | 1.33 | 1.10 | 1.15 |

சராசரிப் பத்தியை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிகிறது. ஆனால் 20 செ.மீ. வரிசையின் இரண்டாம் ஓட்டத்தையும் 15 செ.மீ. வரிசையின் முதல் ஓட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அதிக உயரத்திலிருந்து வந்த கார் மெதுவாக வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. பிழை காரிலும் இல்லை, பலகையிலும் இல்லை, விரலில் இருக்கிறது. "விடு" என்ற குரலைக் கேட்டுப் பொத்தானை அழுத்த ஏறக்குறைய 0.2 விநாடி ஆகிறது. கார் அடிவிளிம்பை நெருங்குவது கண்ணுக்குத் தெரிவதால், நிறுத்தும்போது அதே மாணவர் சற்று முந்தியும் அழுத்திவிடுகிறார். 15 செ.மீ.க்கும் 20 செ.மீ.க்கும் இடையே உள்ள உண்மையான வேறுபாடே கால் விநாடிதான் என்னும்போது, இவ்வளவு தடுமாறும் விரலை நம்பி எந்த முடிவுக்கும் வர இயலாது. கைப்பேசியில் படம்பிடித்து நொடிக்கு 30 சட்டங்கள் என எண்ணினால் இந்தப் பிழை பெரிதும் குறையும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

அடுத்து, அதே ஓட்டங்களில் பலகையின் அடியிலிருந்து கார் நின்ற இடம் வரையிலான தூரம்.

| தொடக்க உயரம் (செ.மீ.) | ஓட்டம் 1 (செ.மீ.) | ஓட்டம் 2 | ஓட்டம் 3 | சராசரி |
|---|---|---|---|---|
| 10 | 116 | 127 | 120 | 121 |
| 15 | 226 | 242 | 231 | 233 |
| 20 | 339 | 356 | 346 | 347 |

இங்கும் ஓட்டத்துக்கு ஓட்டம் பத்துப் பதினைந்து செ.மீ. வேறுபடுகிறது. ஆனால் ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஒரு மீட்டருக்கும் அதிகம் என்பதால், எந்த ஓட்டமும் பக்கத்து வரிசைக்குள் நுழைவதில்லை. கார் நின்ற இடம் அப்படியே தரையில் கிடப்பதால், சந்தேகம் வந்தால் இன்னொரு முறை நாடாவைப் பிடித்துப் பார்த்துக்கொள்ளலாம். கடந்துபோன விநாடியை அப்படித் திரும்ப அளக்க முடியாது.

இந்த அட்டவணையில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பாடத்தின் சாரமே அதில்தான் இருக்கிறது. உயரத்தை 10லிருந்து 20ஆக இரட்டித்தால் தூரமும் இரட்டிக்கும் என்றுதான் பிள்ளைகள் எதிர்பார்க்கிறார்கள். 121 செ.மீ. 242 ஆகவில்லை, 347 ஆகியிருக்கிறது. அதாவது ஏறத்தாழ மூன்று மடங்கு. பல ஆசிரியர்கள் இந்த இடத்தில் அளவில் ஏதோ தவறு என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். தவறு அளவில் இல்லை, அளக்கத் தொடங்கிய இடத்தில் இருக்கிறது. உயரம் காருக்குக் கொடுத்த ஆற்றலை உராய்வு செலவழிக்கிறது. அந்தச் செலவு தரையில் தொடங்குவதில்லை, பலகையிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே காரின் மூக்கு புறப்பட்ட புள்ளியிலிருந்து ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, அங்கிருந்து நாடாவைப் பிடிக்க வேண்டும்.

| உயரம் (செ.மீ.) | நூல் குறியிலிருந்து மொத்தத் தூரம் (செ.மீ.) | ஒரு செ.மீ. உயரத்துக்குக் கிடைத்த தூரம் (செ.மீ.) |
|---|---|---|
| 10 | 220 | 22.0 |
| 15 | 332 | 22.1 |
| 20 | 445 | 22.3 |

இப்போது உயரம் இரட்டித்தால் தூரமும் இரட்டிக்கிறது. பலகையும் தரையும் ஏறத்தாழ ஒரே அளவு உராய்வு தரும்போதுதான் இந்தப் பொருத்தம் அமையும். தரையில் பாயை விரித்தால் கார் சீக்கிரமே நின்றுவிடும், மூன்றாம் பத்தியின் எண்களும் ஒன்றுபோல் இருக்காது.

தூரத்தை அளக்கும் முறையைக் கெடுக்கக்கூடியவை வேறு. பலகையின் அடிவிளிம்பு தரையோடு சேரும் இடத்தில் சிறு படி இருந்தால் கார் அங்கே துள்ளி வேகத்தை இழக்கும். 'டக்' என்ற ஓசை கேட்டாலே அது தெரிந்துவிடும். ஒரு துண்டு சார்ட் பேப்பரைப் பலகையிலும் தரையிலும் படியுமாறு ஒட்டினால் போதும். காரைக் கையால் விட்டால் தெரியாமலே ஒரு தள்ளு கிடைத்துவிடும் என்பதால், முன்னால் ஓர் அளவுகோலைக் குறுக்கே பிடித்துச் சட்டென்று விலக்க வேண்டும். இவற்றைவிட ஏமாற்றக்கூடியது தரை: கழுவிய நீர் வெளியேறுவதற்காக வகுப்பறைத் தரை பெரும்பாலும் வாசல் பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். பலகையை எதிர்த்திசையில் திருப்பி வைத்து அதே உயரத்தில் இன்னொரு முறை ஓட்டினால், தூரம் பெருமளவு மாறுகிறதா என்பதை வைத்து இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு ஸ்டாப்வாட்ச்சுக்கும் நியாயம் செய்ய வேண்டும். கார் பலகையில் இறங்கும்போது ஒரே வேகத்தில் வருவதில்லை, வேகம் கூடிக்கொண்டே வருகிறது என்பதைத் தரைத் தூரம் காட்டாது. அதற்குச் சரிவை மாற்றாமல், 10 செ.மீ. உயரத்திலேயே வைத்துக்கொண்டு, மேலிருந்து 25 செ.மீ. வரை ஆகும் நேரத்தையும் 100 செ.மீ. வரை ஆகும் நேரத்தையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். முழுப் பலகைக்கு 1.93 விநாடி என்றால், கால்வாசிப் பலகைக்கே ஏறக்குறைய 0.96 விநாடி, அதாவது பாதி நேரம், போய்விடும். கலிலியோவும் இதைத்தான் செய்தார். விழும் பொருளை அளக்க அவரிடம் கடிகாரம் இல்லாததால் சாய்தளத்தில் குண்டை மெதுவாக உருளவிட்டு, மெல்லிய குழாய் வழியே வடிந்த நீரை எடைபோட்டு நேரத்தைக் கணித்ததாக 1638இல் எழுதினார். ஆகவே நேரத்தை அளக்க விரும்புபவர் சரிவைக் குறைக்க வேண்டும். ஆனால் மிகவும் குறைத்தால் அச்சில் சிக்கிய ஒரு தலைமுடிகூட முடிவை மாற்றிவிடும்.

அந்த எல்லை எங்கே என்பதையும் ஸ்டாப்வாட்ச் சொல்வதில்லை, தூர அட்டவணைதான் சொல்கிறது. பலகையின் அடியிலிருந்து எடுத்த 121, 233, 347 ஆகிய மூன்று எண்களையும் கட்டத்தாளில் உயரத்துக்கு எதிராகக் குறித்து, அவற்றின் வழியே போகும் கோட்டைக் கீழ்நோக்கி நீட்டினால், அது 5 செ.மீ. உயரத்துக்குச் சற்றுக் கீழே தூரம் சுழியாகும் இடத்தைத் தொடும். பலகையின் முனையை 4 செ.மீ.க்கு இறக்கிக் காரை வைத்து அளவுகோலை விலக்கினால், கார் வைத்த இடத்திலேயே நின்றுவிடும், அல்லது சிறிது நகர்ந்து பலகையின் நடுவில் நின்றுவிடும்.