ஒரே ஓடிடிக்கு மூன்று சந்தா: போஸ்ட்பெய்டு ஃபேமிலி பில் கட்டுகிறவர்கள் உள்பக்கத்தைப் பாருங்கள்

திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர், அப்பா பெயரில் இருக்கும் ஃபேமிலி போஸ்ட்பெய்டு பில்லை ஆன்லைனில் கட்டப் போனார். பிளான் வாடகை 1,399 ரூபாய், 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 1,650.82. ஆனால் பில்லில் இருந்தது 1,949.82. முதல் பக்கத்தில் மொத்தத் தொகை மட்டும்தான் போடுவார்கள். எந்த எண்ணுக்கு எவ்வளவு என்ற கணக்கு உள்பக்கத்தில் இருக்கும். அங்கே தம்பியின் எண்ணுக்கு நேராக "Digital Services 299" என்று ஒரு வரி. பழைய பில்களையும் இறக்கிப் பார்த்தால், ஏழு மாதமாக அதே வரி. 2,093 ரூபாய் போயிருக்கிறது.

தம்பியிடம் கேட்டதற்கு, "கிரிக்கெட் பார்க்கத்தான்க்கா டிவியில போட்டேன், அப்பவே ஆப்பை டெலீட் பண்ணிட்டேனே" என்றான். பலரும் ஏமாறுவது இங்கேதான். ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. டிவியில் வாங்கும்போது பணம் கட்டும் வழியாக மொபைல் பில்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். கார்டிலோ யுபிஐ ஆட்டோபேயிலோ போட்டிருந்தால், பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மொபைல் பில்லில் ஏறும் சந்தாவுக்கு வங்கியிலிருந்து எதுவும் வராது, வங்கிக் கணக்குக்கும் அதற்கும் நேரடித் தொடர்பே இல்லையே. அப்பா பில்லையே ஆட்டோபேயில் விட்டிருந்தால், வரும் மெசேஜிலும் பில்லின் மொத்தத் தொகைதான் இருக்கும்.

அடுத்தது இன்னும் கடுப்பான விஷயம். அதே ஓடிடி அந்த 1,399 பிளானிலேயே "இலவசமாக" இருந்தது. நிறுவனத்தின் ஆப்பில் போய் ஆக்டிவேட் செய்ய வேண்டும், அப்பா செய்யவே இல்லை. வீட்டு ஃபைபர் இணைப்பிலும் அதே ஓடிடி. அது அம்மாவின் எண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றும் ஒரே வீடு என்று ஓடிடிக்குத் தெரியாதா? தெரியாது. மொபைல் எண்தான் லாகின். மூன்று எண் என்றால் அவர்கள் கணக்கில் மூன்று வாடிக்கையாளர். "ஏற்கனவே இருக்கிறதே" என்று சொல்ல அங்கே யாரும் இல்லை, சொல்வதால் அவர்களுக்கு லாபமும் இல்லை.

கஸ்டமர் கேரில் கேட்டபோது மொபைல் நிறுவனம் ஓடிடியைக் கேளுங்கள் என்றது, ஓடிடி மொபைல் நிறுவனத்தைக் கேளுங்கள் என்றது. இரண்டு பக்கமும் அலைய வேண்டாம். சந்தாவை எங்கே வாங்கினார்களோ அங்கேதான் நிறுத்த முடியும். இந்த வீட்டில் அது கூகுள் பிளே. பிளே ஸ்டோரில் மேலே உள்ள படத்தைத் தொட்டு, Payments & subscriptions, அதற்குள் Subscriptions, அதில் Cancel subscription. டிவியில் எந்த ஜிமெயில் இருந்ததோ அதே ஜிமெயிலில் பார்க்க வேண்டும். அவர் முதலில் தன் போனில் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிட்டார். தம்பியின் கணக்குக்கு மாறியதும் கண்ணில் பட்டது.

ஆனால் எதை நிறுத்துவது என்பதை டிவியில் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அப்பாவின் பிளானோடு வந்தது போனில் மட்டும் ஓடும் வகை, டிவியில் லாகின் செய்தால் மேம்படுத்தச் சொல்கிறது. ஃபைபரோடு வந்ததுதான் டிவியில் ஓடுகிறது. எனவே அம்மாவின் எண்ணில் டிவியை லாகின் செய்து, படம் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே 299-ஐ நிறுத்தினார். அப்பாவுடையதைத் தனியாகக் கழற்ற முடியாது, டேட்டா பிளானோடு ஒட்டி வருவது. குறைந்த பிளானுக்கு மாறினால் டேட்டாவும் குறையும். அதை ஆக்டிவேட் செய்து அவர் போனில் போட்டுக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

போன ஏழு மாதப் பணம் திரும்ப வருமா? பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வாங்கிய 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே கேட்கலாம், அதற்குப் பிறகு ஆப் நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும். அவர்களும் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அப்போது ஏழு பில்லின் பிடிஎஃப்பும், சந்தாவை நிறுத்தியதும் ஜிமெயிலுக்கு வரும் உறுதிக் கடிதமும் கையில் இருக்கட்டும்.

நிறுத்திய பிறகும் ஒரு பில்லில் 299 வரலாம், அது தவறாக இருக்க வேண்டியதில்லை. இவருக்குச் சந்தா ஒவ்வொரு மாதமும் 4-ஆம் தேதி புதுப்பிக்கும், பில் 11-ஆம் தேதி முடியும். 20-ஆம் தேதி நிறுத்தியதால் அடுத்த பில் 1,650.82 என்றுதான் வர வேண்டும். 6-ஆம் தேதி நிறுத்தியிருந்தால், 4-ஆம் தேதி ஏறிய 299 அந்த மாதப் பில்லில் இருக்கத்தான் செய்யும், அதற்கடுத்த பில்லில்தான் பார்க்க வேண்டும்.