ஐந்தே நாளில் முகம் வெளுத்ததா? விமர்சனம் எழுதிய தேதியைப் பாருங்கள்

மங்குக்கும் பருத் தழும்புக்கும் என்று மருந்துக்கடையில் சீட்டில்லாமலே நீட்டப்படும் ஒரு வகை க்ரீமால் ஏமாந்தவர்கள் நிறைய. அதில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என மூன்று மருந்துகள் இருக்கும். மூன்றாவது ஸ்டீராய்டு. அட்டையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். வாங்குபவர்கள் அதைப் படிப்பதில்லை, இணைய விமர்சனங்களில் மற்றவர்கள் போட்ட நட்சத்திரங்களைத்தான் எண்ணுகிறார்கள்.

அந்த நட்சத்திரங்களில் பெரும்பாலானவை முதல் இரண்டு வாரத்தில் போட்டவை. "அஞ்சே நாள்ல முகம் பளிச்!" என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஸ்டீராய்டு தோலின் நுண் ரத்தக்குழாய்களைச் சுருக்கும், வீக்கத்தை அடக்கும். அதனால் பரு அமுங்கி முகம் வெளுத்துத் தெரியும். ஆனால் கருமை உண்மையிலேயே குறைய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ஐந்து நாளில் தெரிகிற வெளுப்பு கருமை குறைந்ததால் வந்ததல்ல.

கவனிக்க வேண்டிய விமர்சனம் இன்னொன்று: "நிறுத்தினா திரும்ப வருது, அதனால இது நாலாவது ட்யூப்." இதற்கும் ஐந்து நட்சத்திரம்! பாராட்டு போலத் தோன்றினாலும் தோல் ஸ்டீராய்டுக்குப் பழகிவிட்டதற்கான அடையாளம் அது. மாதக்கணக்கில் பூசியவர்கள் நிறுத்தியதும் எரிச்சல், சிவப்பு, கொத்துக் கொத்தாகப் பரு என்று வரும். மெலிந்த தோல், கன்னத்தில் தெரியும் ரத்தக்கோடுகள், புதிதாக முளைக்கும் முடி, இவையும் கூடவே வரும். இந்தியாவில் தோல் மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்துப் பேசும் அளவுக்கு இது பெருகிவிட்டது. ஆனால் ஆறாம் மாதத்தில் திரும்பி வந்து விமர்சனத்தைத் திருத்துகிறவர்கள் மிகக் குறைவு. எனவே "மூன்று மாதம்", "நிறுத்திய பிறகு" போன்ற சொற்களைத் தேடிப் படியுங்கள். முழுக்கதையும் அங்கேதான் கிடைக்கும்.

அடுத்து, எந்த ஊர், எந்த மாதம் என்று பாருங்கள். ட்ரெட்டினாயின் தோலை உரித்து வெயில் தாங்காமல் செய்யும். ஊட்டியில் டிசம்பரில் பூசியவருக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். அதையே வேலூரில் மே மாதம் பூசிக்கொண்டு சன்ஸ்க்ரீன் இல்லாமல் வண்டி ஓட்டினால் முகம் எரியும். தோல் நிறத்தாலும் விளைவு மாறும். வெளிர்நிறத் தோலில் எரிச்சல் சிவந்து அடங்கிவிடும். நம் மாநிறத்தில் அந்த இடத்தில் கரும்புள்ளி தங்கி மாதக்கணக்கில் போகாது. மங்கு போக்க வாங்கியதே மங்கைக் கூட்டும் கொடுமை இப்படித்தான் நடக்கிறது.

ஏற்கெனவே பல வாரமாகப் பூசுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே ட்யூபைக் குப்பையில் போட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால்தான் முகம் மோசமாகப் பொங்கும். அட்டையை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எத்தனை வாரம் பூசினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எப்படிக் குறைப்பது என்பதை அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார்.